பெனால்டி கிக் 'ஓபன் ஸ்கில்'லா, 'க்ளோஸ்டு ஸ்கில்'லா? உடற்கல்வி மாணவர்கள் குழம்பும் கேள்விக்கு எளிய விளக்கம்!

2021 ஜூலை 6. லண்டன் வெம்ப்லி மைதானத்தில் யூரோ கோப்பை அரையிறுதி. இத்தாலியும் ஸ்பெயினும் 1-1 என சமநிலையில் நிற்க, ஆட்டம் பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனது. வெற்றியை முடிவு செய்யும் கிக்கை அடிக்க வந்தார் இத்தாலியின் ஜார்ஜினோ. உதைப்பதற்கு முன் தனக்கே உரிய அந்தச் சின்னத் துள்ளலைப் போட்டார். கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய, பந்து மறுபக்கம் உருண்டு வலைக்குள் போனது.

ஐந்தே நாளில், அதே மைதானத்தில் இங்கிலாந்துடன் இறுதிப்போட்டி. மீண்டும் ஷூட் அவுட், அதே ஜார்ஜினோ, அதே துள்ளல். ஆனால் இந்த முறை கோல்கீப்பர் பிக்ஃபோர்டு பந்தைத் தட்டிவிட்டார். அது போஸ்ட்டில் பட்டு வெளியே வந்தது. இத்தாலி கோப்பையை வென்றது என்றாலும், அந்த கிக் கோல் ஆகவில்லை.

உடற்கல்வியைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு இந்த இரண்டு கிக்குகளும் நல்ல உதாரணம். பெனால்டி கிக் ஓபன் ஸ்கில்லா, க்ளோஸ்டு ஸ்கில்லா என்ற கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

திறன்களை இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறையை 1957-ல் முன்வைத்தவர் பிரிட்டன் உளவியலாளர் பௌல்டன். 1963-ல் பார்பரா நாப் அதை விளையாட்டுக்குக் கொண்டுவந்தார்.

சுற்றியுள்ள சூழல் மாறாமல், வீரர் முன்கூட்டியே திட்டமிட்டபடி செய்து முடிக்கக்கூடியது க்ளோஸ்டு ஸ்கில், அதாவது மூடிய திறன். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ அப்படிப்பட்டது. வளையம் எப்போதும் 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். கோடும் நகராது. யாரும் குறுக்கே வந்து தடுக்க முடியாது.

சூழல் நொடிக்கு நொடி மாறி, அதற்கேற்ப வீரரும் தன் அசைவை மாற்ற வேண்டியிருந்தால் அது ஓபன் ஸ்கில், அதாவது திறந்த திறன். கபடி ரெய்டு அப்படி. ரெய்டர் காலை நீட்டும்போதே எதிரணி இடம் மாறுகிறது. கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தால், போட்டுவைத்த திட்டம் அந்த நொடியே காலி.

விளையாட்டை அல்ல, அசைவைப் பாருங்கள்

"வாலிபால் எந்த வகை?" என்று கேட்டால் பதில் கிடையாது. காரணம், வகைப்படுத்த வேண்டியது விளையாட்டை அல்ல, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு அசைவையும்தான்.

வாலிபாலில் சர்வீஸ் போடுபவர் பந்தைத் தன் கையில் வைத்திருக்கிறார். நடுவர் விசில் கொடுத்ததும் 8 நொடிக்குள் எப்போது அடிப்பது என்பது அவர் முடிவு. எனவே அது மூடிய திறன் பக்கம். அதே பந்தை எதிர்ப்பக்கம் எடுப்பவருக்கு அது எங்கே வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று தெரியாது. அவருடைய ரிசீவ் திறந்த திறன். பந்து ஒன்றுதான், ஆனால் அடிப்பவருக்கு ஒரு வகை, எடுப்பவருக்கு வேறு வகை.

100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு சின்னப் பொறி

ஓட்டக்காரர் துப்பாக்கிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார். அதனால் ஸ்டார்ட்டை ஓபன் ஸ்கில் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் மார்க் போகிறது.

எப்போது தொடங்குவது என்பதை வெளியிலிருந்து ஒருவர் முடிவு செய்கிறார், உண்மைதான். அதற்கு 'எக்ஸ்டர்னல் பேசிங்' என்று தனிப் பெயரே உண்டு. ஆனால் சத்தம் கேட்ட பிறகு எதுவும் மாறுவதில்லை. பிளாக், தடம், தூரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆகவே ஸ்டார்ட், வெளியிலிருந்து தொடங்கி வைக்கப்படும் ஒரு மூடிய திறன்.

கேட்க வேண்டியது இரண்டு தனித்தனிக் கேள்விகள். தொடங்குவது யார் கையில்? தொடங்கிய பிறகு சூழல் மாறுகிறதா? ஓபனா, க்ளோஸ்டா என்பதை இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கும்.

அப்போ, பெனால்டி கிக்?

பந்து அசையாமல் இருக்கிறது. தூரம் எப்போதும் 11 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர். நடுவர் விசில் அடித்த பிறகு அவசரப்படுத்த யாரும் இல்லை. இதை வைத்துத்தான் பெனால்டியை க்ளோஸ்டு ஸ்கில் என்கிறார்கள்.

ஆனால் எதிரே கோல்கீப்பர் இருக்கிறாரே! அவரைக் கண்டுகொள்வதா வேண்டாமா என்பது அடிப்பவரின் விருப்பம். சில வீரர்கள் ஓடத் தொடங்கும் முன்பே மூலையை முடிவு செய்துவிடுவார்கள். கீப்பர் என்ன செய்தாலும் பந்து அங்கேதான் போகும். இவர்களுக்குப் பெனால்டி கிட்டத்தட்ட ஃப்ரீ த்ரோ மாதிரி.

ஜார்ஜினோவின் துள்ளல் வேறு ரகம். கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்க்க அவர் வாங்கிக்கொள்ளும் நேரம் அது. பார்த்த பிறகு மறுபக்கம் தட்டுவார். அதாவது, மூடிய திறனாக இருக்கக்கூடிய ஒன்றை அவரே திறந்துவிடுகிறார்.

இதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. கீப்பர் சீக்கிரம் சாய்ந்தால் கோல் சுலபம். அவர் கடைசிக் கணம் வரை அசையாமல் நின்றால், அடிப்பவருக்கு முடிவெடுக்க நேரமே இருக்காது. மெதுவாகத் தட்டும் பந்தை எட்டிப் பிடிக்கக் கீப்பருக்கு வாய்ப்பு கூடிவிடும்.

கீப்பரின் பக்கத்திலிருந்து பார்த்தால் சந்தேகமே இல்லை. அவருக்கு இது எப்போதும் திறந்த திறன்தான்.

இரண்டு பெட்டி அல்ல, ஒரு நீண்ட கோடு

எனவே இதை இரண்டு பெட்டிகளாக நினைக்காமல் ஒரு கோடாக நினைப்பது நல்லது. ஒரு முனையில் ஃப்ரீ த்ரோ, மறுமுனையில் கபடி ரெய்டு. நடுவில் பெனால்டி, வீரரின் உத்தியைப் பொறுத்து இங்கும் அங்கும் நகரும்.

வில்வித்தையும் அப்படித்தான் நகர்கிறது. உள்ளரங்கில் அது கோட்டின் மூடிய முனையில் இருக்கும். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்துக்குத் திறந்தவெளியில் எய்யும்போது காற்று குறுக்கிடும். குறி வைக்கும் இடத்தை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது அது கொஞ்சம் ஓபன் பக்கம் தள்ளிப் போகிறது.

பயிற்சியில் என்ன மாறும்?

வகை தெரியாவிட்டால் பயிற்சியே தப்பாகிவிடும். ஃப்ரீ த்ரோவுக்கு ஒரே நிலை, ஒரே மூச்சு, ஒரே ரிதம் என்று திரும்பத் திரும்பப் போடுவது சரி. பேட்மின்டனில் கோச் ஒரே இடத்துக்கு ஷட்டிலைத் தூக்கிப்போட, மாணவர் நூறு முறை ஸ்மாஷ் அடித்தால் என்ன ஆகும்? அசைவு அழகாகும். ஆனால் ஷட்டில் எங்கே வரும் என்று கணிக்கும் பழக்கம் வளராது.

இதைக் கண்டுபிடிப்பதும் எளிது. பயிற்சியில் பின்னி எடுப்பவர், மேட்ச்சில் ஷட்டிலுக்குத் தாமதமாகவே போய்ச் சேருவார். கை சரியாக இருக்கும், கால் பிந்தும். அப்போது தேவை இன்னொரு நூறு ஸ்மாஷ் அல்ல, எங்கே வரும் என்று தெரியாதபடி வரும் ஷட்டில்.

தேர்வில் எப்படி எழுதுவது?

முதலில் அசைவின் பெயர், யாருடைய அசைவு என்பதோடு. அடுத்து, கோட்டில் அது எந்தப் பக்கம். கடைசியாக, 'ஏனென்றால்' என்று தொடங்கும் ஒரு வரி.

உதாரணமாக இப்படி எழுதலாம்: "பெனால்டி கிக், அடிப்பவருக்கு மூடிய முனைக்கு அருகில் உள்ள திறன். ஏனென்றால் பந்தும் தூரமும் மாறுவதில்லை, நேரமும் அவர் கையில். கீப்பரின் அசைவைப் பார்த்து முடிவெடுத்தால் அது திறந்த முனையை நோக்கி நகரும்."

அந்த 'ஏனென்றால்' இல்லாத பதில் வெறும் மனப்பாடம். அந்த வரியை எழுத முடிந்தால், பாடத்தில் இல்லாத எந்த அசைவைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடலாம்.