நடுவர் வந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் முருங்கை விதையால் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் மாதிரியை அடிக்கடி பார்க்கலாம். நடுவர்கள் வந்ததும் மாணவி, "வணக்கம் ஐயா, நீர் இன்றி அமையாது உலகு..." என்று தொடங்குவாள். விதையைக் கையில் எடுப்பதற்குள் பாதி நிமிடம் போய்விடும்.

இன்னொரு சிக்கல், விதைப்பொடி வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவர் முன் கலக்கிக் காட்டினால் கலங்கல்தான் தெரியும். ஆகவே காலையிலேயே இரண்டு ஜாடிகளில் ஒரே குளத்து நீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் பொடி போட்டு, இரண்டையும் ஒரே மாதிரி கலக்கி வைத்துவிட வேண்டும். பொடி போடாத ஜாடிதான் முக்கியம். "சும்மா வைத்தாலே தெளியாதா?" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

பேச்சு இப்படி இருந்தால் போதும்: "ஐயா, இரண்டும் ஒரே குளத்து நீர். இதில் மட்டும் முருங்கை விதைப்பொடி போட்டோம். களிமண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளி மிதக்கும். விதையின் புரதத்துக்கு நேர்மின்னூட்டம். துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கி அடியில் படிய வைக்கிறது. கிருமி முழுவதும் போகாது, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்."

நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான். மீதி நேரம் நடுவருக்கு. பெரும்பாலும் அவர் பொடியின் அளவைத்தான் கேட்பார். கூடினாலும் நீர் சரியாகத் தெளியாது என்பதைக் காட்ட மூன்றாவது ஜாடி ஒன்று மேசைக்கடியில் இருக்கட்டும்.