நான்கு தொகுதிகள் சூழ்ந்த இரட்டைப் பிணைப்பு

இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் ஒவ்வொரு ஹைட்ரஜன் இருப்பின் ‘ஸிஸ்’, ‘டிரான்ஸ்’ என்னும் பெயர்களே போதும். ஹைட்ரஜனே இல்லாத டமாக்ஸிஃபென் மருந்தில் எதனை எதனோடு ஒப்பிடுவது? இங்கே கான், இங்கோல்டு, பிரெலாக் ஆகியோர் வகுத்த முன்னுரிமை விதி உதவுகிறது.

ஒரு கார்பனில் எத்தில், பீனைல் தொகுதிகள் உள்ளன. இரண்டிலும் முதல் அணு கார்பனே. ஆதலால் அதனை அடுத்த அணுக்களை நோக்குதல் வேண்டும். எத்திலில் ஒரு கார்பனும் இரு ஹைட்ரஜன்களும் உள்ளன. பீனைலில், இரட்டைப் பிணைப்பால் இணைந்த கார்பனை இருமுறை எண்ணுவதால், மூன்று கார்பன்கள். எனவே பீனைலே மேலானது. மற்றக் கார்பனில் வெறும் பீனைலும், அமினோ ஈதர்ச் சங்கிலி தாங்கிய பீனைலும் உள்ளன. வளையத்தின் எதிர்முனை வரை இவை வேறுபடுவதில்லை. அங்கே ஒன்றில் ஹைட்ரஜன், மற்றொன்றில் ஆக்ஸிஜன். அணு எண் மிகுந்த ஆக்ஸிஜனை உடையதே முந்தும். தொகுதியின் மொத்த எடையைக் கொண்டு முடிவு கட்டுவது மாணவர் பலர் செய்யும் பிழையாகும்.

மேலான இரண்டும் ஒரே பக்கத்தில் அமையின் Z. எதிரெதிராக அமையின் E. மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்படுவது Z வடிவம். E வடிவமோ ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயற்படும் இயல்பினது. வெறும் பீனைல்கள் இரண்டும் எதிரெதிரே நிற்பதால், இந்த Z வடிவத்தையே ‘டிரான்ஸ்’ என்று குறித்தாரும் உளர்.