பழைய முகவரியைத் தேடி வருபவர்கள்

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகள் கழித்துத் தேடியபோது கிடைக்கவில்லை என்றது அது. உண்மையிலேயே அழிக்கப்பட்டவை இவற்றில் உண்டு. ஆனால் தளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, பழைய முகவரியை அப்படியே கைவிட்டதால் காணாமல் போகும் பக்கங்களும் இணையத்தில் ஏராளம். அவற்றைக் காப்பாற்ற ஒரே ஒரு வரி போதும்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடைக்கு இணையதளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேலைகளின் பக்கம் இதுவரை `/sungudi.html` என்ற முகவரியில் இருந்தது. தளத்தைப் புதுப்பித்தவர் அதை `/selai/sungudi/` என்று மாற்றிவிட்டார். பழைய முகவரியோ வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்பிலும், கூகுள் தேடலிலும், பில்லில் அச்சிட்ட கியூஆர் கோடிலும் இருக்கிறது. அவற்றையெல்லாம் யாராலும் திருத்த முடியாது. திருத்த முடிவது கடையின் சர்வரில் மட்டும்தான். தளம் அப்பாச்சி சர்வரில் இயங்கினால், `.htaccess` என்ற கோப்பில் இப்படி எழுதலாம்:

```
Redirect 301 /sungudi.html /selai/sungudi/
Redirect 410 /pongal-2023.html
ErrorDocument 404 /404.html
```

முதல் வரியில் உள்ள 301, பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் சொல்லும் எண். இதற்கு வழிமாற்று என்று பெயர். பழைய இணைப்பைத் தொட்டவர் எந்த மாற்றமும் தெரியாமல் புதிய பக்கத்துக்குப் போய்விடுவார். தேடுபொறியும் நாளடைவில் தன் பட்டியலில் புதிய முகவரியைச் சேர்த்துக்கொள்ளும். 302 என்று எழுதினால் தற்காலிக மாற்றம் என்று பொருள். உலாவிகள் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்வதால், தவறான முகவரியைக் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்தினாலும் ஏற்கெனவே வந்து போனவர்களுக்குப் பழைய தவறே தொடரலாம். அதனால் முதலில் 302 போட்டுச் சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் 301 ஆக்குவது நல்லது.

பலரும் இங்கே ஒரு குறுக்குவழியைப் பிடிக்கிறார்கள். காணாமல் போன எல்லா முகவரிகளையும் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். சுங்குடிச் சேலையைத் தேடி வந்தவர் கடையின் வரவேற்புப் படத்தைப் பார்த்துக் குழம்பிப் போவார். கூகுளும் இப்படிப்பட்ட திருப்பலைப் பக்கம் இல்லை என்றே கணக்கில் எடுக்கலாம். ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதே பொருளைப் பேசும் புதிய பக்கத்தோடு இணைப்பது கொஞ்சம் உழைப்பு கேட்கும் வேலைதான். வேறு நல்ல வழி இல்லை.

அடுத்த ஆண்டு முகவரி மறுபடியும் மாறினால், முதல் முகவரியிலிருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் என்று வழிமாற்றுகள் சங்கிலியாகிவிடும். பழைய வரியையே திருத்தி, நேரே கடைசி முகவரிக்கு அனுப்பிவிட வேண்டும். விக்கிப்பீடியாவில் இந்தச் சங்கிலி வேலையே செய்யாது. அங்கே கட்டுரையின் தலைப்பை மாற்றினால் வழிமாற்று ஒன்று தானாக உருவாகும்; ஆனால் மென்பொருள் ஒரு வழிமாற்றைத்தான் தொடரும், இரண்டாவதில் நின்றுவிடும். அப்படி நிற்கும் இரட்டை வழிமாற்றுகளைத் தேடித் திருத்துவதற்கென்றே அங்கே தானியங்கிகள் இருக்கின்றன.

பொங்கல் தள்ளுபடிப் பக்கத்துக்குப் புதிய இடம் கிடையாது. அது முடிந்துபோன விஷயம். அதற்குத்தான் இரண்டாம் வரியில் 410, அதாவது வேண்டுமென்றே நீக்கப்பட்டது என்ற பதில். மற்றபடி தவறாகத் தட்டச்சு செய்து வருபவர்களுக்கு மூன்றாம் வரி சொல்லும் `404.html` பக்கம் திறக்கும்.

அந்தப் பக்கத்தில் வெறும் 404 என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. "நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை. முகவரி மாறியிருக்கலாம்" என்று நல்ல தமிழில் சொல்லி, தேடல் பெட்டி, முக்கியமான மூன்று நான்கு பக்கங்கள், கடையின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. பக்கத்தில் உள்ள படங்களும் இணைப்புகளும் `/` என்ற குறியில் தொடங்காவிட்டால், `/selai/pattu/abc` போன்ற ஆழமான முகவரியில் பிழை வரும்போது வடிவமே குலைந்துவிடும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. மூன்றாம் வரியில் `https://` என்று தொடங்கும் முழு முகவரியைக் கொடுத்தால், அப்பாச்சி 404 என்று சொல்லாமல் 302 என்று சொல்லி வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தேடுபொறிக்கோ அந்த முகவரியில் பக்கம் இல்லை என்பதே தெரியாமல் போகும்.

இதைக் கண்டுபிடிக்க இல்லாத ஒரு முகவரியைக் கேட்டுப் பார்த்தால் போதும்:

```
curl -I https://example.com/illai
```

விடையின் முதல் வரியில் 404 இருக்க வேண்டும். 200 அல்லது 302 வந்தால் அமைப்பில் தவறு.

வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். கியூஆர் கோடு அச்சிட்ட பில்கள் வாடிக்கையாளர் கையில் அதைவிட நீண்ட காலம் இருக்கும் என்பதால், இந்தக் கடை அந்த வரியை எடுக்காமலே விட்டுவிடலாம். சர்வரின் பதிவேட்டை மாதம் ஒருமுறை திறந்து, 404 பதில் பெற்ற முகவரிகளில் அடிக்கடி வருபவை எவை என்று பார்த்தால், விட்டுப்போன பழைய பக்கங்கள் தெரிந்துவிடும். அவற்றுக்கும் ஆளுக்கொரு வரி சேர்க்க வேண்டியதுதான்.