டேலி ஷீட்டை நிறுத்தும் முன்

“தானியங்கி அறிக்கை நடைமுறைக்கு வந்ததும், கையால் எழுதும் தினசரி டேலி ஷீட் நிறுத்தப்படும். அனைவரும் ஒத்துழைக்கவும்.”

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் இப்படியொரு மெயில் வருகிறது என்று வையுங்கள். சூப்பர்வைசர், புரொடக்‌ஷன் மேனேஜர், அக்கவுண்ட்ஸ், எச்.ஆர். எல்லோருக்கும் அது போகும். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்குத்தான் போகாது. அவருடைய சனிக்கிழமைச் சம்பளம் அந்த ஷீட்டை நம்பியிருக்கிறது. அவருக்கோ விஷயம் டீ இடைவேளையில் வாய்வழியாகத்தான் தெரியவரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேப்பரை நிறுத்துவது சட்டப்படி தவறல்ல. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, பதிவேடுகளைக் கணினியிலும் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே “கையால்தான் எழுதணும்” என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஷீட்டில் இருந்த எது புது அறிக்கைக்குப் போகிறது, எது போகவில்லை என்று பார்ப்பதுதான் காரியம்.

பழைய ஷீட்டில் என்ன இருக்கும்? டெய்லர் பெயர், ஆபரேஷன், மணிவாரியாகப் பீஸ் எண்ணிக்கை, மொத்தம், கையெழுத்து. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி. அதில் சூப்பர்வைசர் கிறுக்கி வைத்திருப்பார்: ‘11 முதல் 12.15 வரை கரண்ட் இல்லை’, ‘கட்டிங் வரல’, ‘மெஷின் ரிப்பேர்’, ‘மதியத்துக்கு மேல் வேறு லைனுக்கு மாற்றம்’. புது முறையில் ஒவ்வொரு பண்டலிலும் பார்கோடு டிக்கெட் இருக்கும். தைத்து முடித்ததும் ஸ்கேன் செய்ய வேண்டும். எண்கள் அறிக்கைக்குத் தாமாகப் போய்விடும். குறிப்புப் பத்தி போகாது. பணம் அதில்தான் இருக்கிறது.

நாள் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட வேலையில், முதலாளி வேலை கொடுக்காததால் ஒருவர் முழு நேரம் வேலை செய்ய முடியாமல் போனால், அன்றைய முழு ஊதியமும் அவருக்குச் சேர வேண்டும் என்கிறது தொகுப்பின் 10ஆம் பிரிவு. பீஸ் ரேட்டில் தைத்தாலும், அந்த வேலைக்கு நேர அடிப்படையில் மட்டும் குறைந்தபட்ச ஊதியம் இருந்தால், அதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது 12ஆம் பிரிவு. அதைத் தாண்டிச் சம்பாதிப்பவருக்கு இதனால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் கட்டிங் வராமல் பாதி நாள் உட்கார்ந்திருந்தவருக்கு இதுதான் பிடிமானம். அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே குறைந்த எண்ணிக்கை மட்டும் நிற்கும். அவர் வேலை செய்யாமல் இருந்தாரா, வேலை வராமல் இருந்தாரா என்பது அதில் தெரியாது.

எண்களிலும் பிசகு வரும். ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஓவர்லாக் டெய்லர் ஒருவர் 30 பீஸ் பண்டலாக 22 பண்டல் தைக்கிறார். மொத்தம் 660 பீஸ். பீஸுக்கு 80 பைசா வீதம் 528 ரூபாய். ஸ்கேன் அறிக்கை 19 பண்டல், 570 பீஸ், 456 ரூபாய் என்று காட்டுகிறது. 72 ரூபாய் குறைகிறது. உடனே திருட்டு என்று கத்தத் தோன்றும். பொறுமையாகப் பார்த்தால் மூன்று பண்டலுக்கும் ஒரே காரணம் இல்லை. ஒன்று ஷிப்ட் முடிந்த பிறகு ஸ்கேன் ஆனதால் மறுநாள் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்த 24 ரூபாய் எங்கும் போகவில்லை. மற்ற இரண்டில் ஒரு டிக்கெட் கிழிந்திருந்தது, இன்னொன்று மெஷின் எண்ணெய் பட்டு ஸ்கேனரில் ஏறவில்லை. உண்மையான இழப்பு 48 ரூபாய். அதனால்தான் நாளுக்கு நாள் ஒப்பிடாமல் வாரக் கணக்கை ஒப்பிட வேண்டும். மறுநாளுக்குத் தள்ளிப்போனது வார முடிவில் நேராகிவிடும். தொலைந்த டிக்கெட் நேராகாது.

இன்னொரு வகை வித்தியாசம் உண்டு, அது மோசமானது. எல்லா டெய்லருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தினமும் எண்ணிக்கை குறைந்தால், எண்ணும் இடமே மாறியிருக்கிறது என்று அர்த்தம். முன்பு தைத்த பீஸை எண்ணினார்கள். இப்போது செக்கிங் டேபிளில் தேறிய பீஸை மட்டும் எண்ணுகிறார்கள். ஆல்டருக்குத் திரும்பிய பீஸ் அறிக்கையில் ஏறாது. துணியிலேயே ஓட்டை இருந்தாலும் நட்டம் டெய்லர் தலையில் விழும். இதைச் சாப்ட்வேர் கோளாறு என்று விட முடியாது, ஊதிய முறையே மாறியிருக்கிறது. ஊதியத்தைத் தொடும் மாற்றத்துக்குத் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 40ஆம் பிரிவு. ‘ஒத்துழைக்கவும்’ என்ற ஒரு வரி அதற்கு ஈடாகாது.

மெயில் வந்தவர்கள் சும்மா ‘நோட்டட்’ என்று பதில் போட்டு நகர வேண்டாம். பின்னால் எண்ணிக்கையில் தகராறு வந்தால் லைனில் நின்று பதில் சொல்லப்போவது சூப்பர்வைசர்தான். பதில் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

“டேலி ஷீட் எந்தத் தேதியில் நிற்கிறது என்று தெரிவிக்கவும். அதற்கு முன் இரண்டு சம்பளக் காலத்துக்கு ஷீட்டும் அறிக்கையும் சேர்ந்தே ஓடி, வித்தியாசம் டெய்லர் வாரியாகச் சரிபார்க்கப்பட வேண்டும். எண்ணிக்கை தைத்த பீஸா, செக்கிங்கில் தேறிய பீஸா? வேலை வராத நேரத்தை அறிக்கையில் எங்கே பதிவது? ஸ்கேன் ஆகாத பண்டலை யார், எத்தனை நாளுக்குள் சேர்ப்பது? பழைய ஷீட்டுகள் எங்கே இருக்கும்?”

கடைசிக் கேள்வி கொஞ்சம் முக்கியம். ஊதியக் கோரிக்கை வைக்க இப்போது மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் 12 மாதம், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதம்தான் இருந்தது. ஆகவே புது முறை வந்த கையோடு ஷீட் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது நிர்வாகத்துக்கே ஆபத்து. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு, ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆம் பிரிவின்படி முதலாளியுடையது.

டெய்லர் செய்ய வேண்டியது ஒரு பாக்கெட் நோட்டில் முடிந்துவிடும். தேதி, ஆபரேஷன், பண்டல் எண், பீஸ், வேலை நின்ற நேரம், அதன் காரணம் ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள். ஊதியச் சீட்டு தர வேண்டியது அதே தொகுப்பின் 50ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் கடமை. கேட்டு வாங்கி, நோட்டோடு ஒப்பிட வேண்டும்.

குறைந்தால் முதலில் எச்.ஆர்.இடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். 45ஆம் பிரிவின்படி தொழிலாளி தானே மனுக் கொடுக்கலாம். அவருக்காகத் தொழிற்சங்கமும் கொடுக்கலாம். பாக்கித் தொகையோடு, அதில் பத்து மடங்கு வரை இழப்பீடு சேர்த்துக் கொடுக்க உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மனுவில் ‘சம்பளம் குறைகிறது’ என்று பொதுவாக எழுதினால் விசாரணை இழுக்கும். எந்தத் தேதி, எந்தப் பண்டல், எத்தனை பீஸ், எவ்வளவு ரூபாய் என்று வரிசையாக எழுதி, நோட்டின் நகலையும் ஊதியச் சீட்டையும் இணைத்துக் கொடுக்க வேண்டும்.