‘துணி பூராவும் குப்பை’ என்று எழுதினால் என்ன பதில் வரும்?

“ஏனுங்ணா, நீங்க குடுத்த துணி பூராவுமே குப்பைங்க. துவைச்சா சுருங்குது. வெயிட்டும் இல்ல. கலரும் ரோலுக்கு ரோல் மாறுது. எப்பவுமே உங்ககிட்ட இதே ரோதனைதான். எல்லாத்தையும் வந்து அள்ளிட்டுப் போங்க. ஒத்த ரூபா பேமெண்ட் கிடையாது.”

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர், துணி சப்ளையருக்கு ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் இப்படி அனுப்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கோபத்தில் நியாயம் உண்டு. கப்பல் தேதி நெருங்குகிறது, கட்டிங் மேஜை காலியாகக் கிடக்கிறது. ஆனால் இந்தச் செய்திக்கு சப்ளையரிடமிருந்து வரப்போகும் பதில் என்னவென்று தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்: “நம்ம துணியில குறை இருக்காதுங்க, நீங்க சரியா டெஸ்ட் பண்ணிப் பாருங்க.” அதற்கு மேல் பேச்சு நகராது. மறுநாள் காலையில் இதைப் புகார்க் கடிதமாக மாற்றும் வேலை மெர்ச்சண்டைசரின் தலையில் விழும்.

அந்த வேலையைப் பலர் வசவை எடுத்துவிட்டு ‘மரியாதைக்குரிய ஐயா’ போடுவது என்று நினைக்கிறார்கள். அது போதாது. ‘மரியாதைக்குரிய ஐயா, தங்கள் துணி தரமாக இல்லை’ என்பதும் அதே வெற்றுப் பேச்சுதான். செய்ய வேண்டியது வேறு. செய்தியில் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியங்கள் எவை என்று முதலில் பொறுக்கி எடுக்க வேண்டும். மேலே உள்ளதில் அப்படி மூன்றுதான் தேறும்: சுருங்குகிறது, எடை இல்லை, நிறம் மாறுகிறது. ‘பூராவும்’, ‘எப்பவும்’ என்பவை அளந்த பிறகு எண்ணிக்கையாக மாறும், அல்லது காணாமல் போகும்.

இந்த மூன்றையும் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒத்துப்பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் ஆர்டர் இப்படி: 24-ஆம் நம்பர் பருத்தி நூலில் சிங்கிள் ஜெர்சி, நேவி ப்ளூ, 180 ஜி.எஸ்.எம்., 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். சுருக்கம் நீளத்திலும் அகலத்திலும் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வந்தது 48 ரோல், 1,200 கிலோ. ரோல் டேக்கைப் பார்த்தால் இரண்டு சாயலாட்: ஏ லாட்டில் 30 ரோல், பி லாட்டில் 18 ரோல்.

ரோல் டேக்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஸ்டோரில் துணியை இறக்கியதும் டேக்கைக் கிழித்துப் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. டேக் போனால் எந்த ரோல் எந்த லாட், எந்த டி.சி.யில் வந்தது என்பது போய்விடும். பிறகு எவ்வளவு அருமையாக அளந்தாலும் “இது எங்க துணிதானான்னு எப்படிங்க தெரியும்?” என்ற ஒரே கேள்வியில் புகார் படுத்துவிடும்.

இனி அளவுகள். எடைதான் சுலபம். வட்டக் கட்டரில் 100 சதுர செ.மீ. துணியை வெட்டித் தராசில் வைத்தால் வரும் கிராமை நூறால் பெருக்குவதே ஜி.எஸ்.எம். இரண்டு லாட்டிலும் பல ரோல்களிலிருந்து வெட்டிப் பார்த்ததில் 176-லிருந்து 183 வரை வருகிறது. அனுமதி 171-லிருந்து 189 வரை. ஆக எடைப் புகாருக்கு அடிப்படை இல்லை. முதலாளி கையில் பிடித்துப் பார்த்து ‘வெயிட் இல்ல’ என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இதைக் கடிதத்தில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் சப்ளையர் அந்த ஒன்றை முதலில் உடைப்பார், மற்றதையும் அதே கணக்கில் தள்ளிவிடுவார்.

நிறம் அடுத்து. டியூப் லைட்டில் ஒரு ரோலையும் ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொன்றையும் பார்த்தால் நேவி ப்ளூ மாறத்தான் செய்யும். லைட் பாக்ஸில் டி65 விளக்கின் கீழ், அப்ரூவல் ஆன லேப் டிப்போடு வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு லாட்டும் லேப் டிப்புக்கு ஒத்துவருகின்றன. ஏ-யையும் பி-யையும் பக்கத்தில் வைத்தால்தான் சிறு வித்தியாசம் தெரிகிறது. ஒரே சட்டையின் உடம்பும் கையும் இரண்டு லாட்டிலிருந்து போகாமல் பிரித்து வெட்டினால் தீரும் விஷயம் இது. சப்ளையருக்குத் தகவலாகச் சொல்லலாம், அவர்மேல் குற்றமாகச் சுமத்த முடியாது.

மிச்சம் சுருக்கம். இங்கேதான் முதலாளியின் கோபம் சரியாக விழுந்திருக்கிறது. ரோலிலிருந்து பிரித்த துணியை உடனே அளக்கக்கூடாது. சுற்றியிருந்த இழுவிசை போகும்படி ஒரு ராத்திரி மேஜையில் விரித்துப் போட வேண்டும். பிறகு 50 செ.மீ. சதுரம் அழியாத மையில் குறித்து, ஆர்டரில் சொன்ன முறையில் துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். ஏ லாட்டில் நீளம் 48 செ.மீ.க்கு வந்தது, 4 சதவீதம், ஆர்டருக்குள் அடங்குகிறது. பி லாட்டில் 45.5 செ.மீ.; 9 சதவீதம்.

எந்த முறையில் காயவைத்தோம் என்பதை எழுதாத சுருக்க அளவுக்கு மதிப்பே இல்லை. மெஷினில் உருட்டிக் காயவைத்தால் பருத்திப் பின்னல் துணி அதிகம் சுருங்கும், படுக்கப்போட்டு உலர்த்தினால் குறைவாகச் சுருங்கும். நாம் ஒரு முறையிலும் அவர் வேறு முறையிலும் செய்தால் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், சண்டை மட்டும் முடியாது.

அடுத்து, எத்தனை ரோல்? மூன்று ரோலைச் சோதித்துவிட்டுப் பதினெட்டையும் திருப்பி அனுப்புகிறேன் என்றால் எந்த சப்ளையரும் ஒப்ப மாட்டார். பி லாட்டின் ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துத் துவைப்பது ஒரு நாள் வேலைதான். நம் உதாரணத்தில் பதினெட்டிலும் 8-லிருந்து 9.5 சதவீதம் வந்தது. ‘பூராவும் குப்பை’ என்பது இப்போது ‘48 ரோலில் 18 ரோல்’ ஆகிவிட்டது. பார்வைக்குப் புகார் சுருங்கினாலும் பலம் கூடியிருக்கிறது.

ஒரு சங்கடமும் உண்டு. குறை தெரியவரும் முன்பே பி லாட்டில் ஒரு ரோலை வெட்டிவிட்டார்கள். பல துணிக் கம்பெனிகளின் பில்லிலேயே ‘வெட்டிய பின் புகார் ஏற்கப்படாது’ என்று அச்சிட்டிருக்கும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படியும், விற்றவருக்கு உரியது என்ற நிலைக்கு ஒவ்வாத எதையாவது வாங்கியவர் சரக்கில் செய்தால் அவர் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும். வெட்டுவது அந்த வகையில்தான் வரும். ஆனால் ஏற்றுக்கொண்ட சரக்குக்கும் நஷ்டம் கேட்க அதே சட்டத்தில் வழி உண்டு. ஆகவே வெட்டிய ரோலை மறைக்காமல் தனியே எழுதிவிட வேண்டும். மறைத்துப் பின்னால் வெளியே வந்தால் மற்ற பதினேழும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இதையெல்லாம் எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்? சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பேசி வைத்த தவணை எதுவானாலும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வட்டி ஏறும். போனில் கத்தியது எழுத்தாகாது. வாட்ஸப்பில் திட்டியது எழுத்துதான், ஆனால் எதற்கு ஆட்சேபம் என்று அதில் தெளிவில்லை. ‘ஒத்த ரூபா கிடையாது’ என்ற மிரட்டலோ, குறையே இல்லாத ஏ லாட்டின் பணத்தையும் பிடித்துவைப்பதாக நமக்கு எதிராகவே படிக்கப்படும்.

கடைசியாக, என்ன கேட்கப்போகிறோம் என்பது. சாயம் போட்ட ஈரத் துணி ட்ரையர் வழியே ஓடும்போது நீளவாக்கில் இழுபடுகிறது. அந்த இழுப்பை காம்பாக்டிங் மெஷின் உள்ளே தள்ளி எடுக்க வேண்டும். அது போதாமல் போனால் மிச்ச இழுப்பு முதல் துவைப்பில் வெளியே வரும். பி லாட்டில் அநேகமாக இதுதான் நடந்திருக்கும், மறுபடி ஃபினிஷிங் செய்து சரிப்படுத்தவும் வாய்ப்புண்டு. ஆனால் கேட்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். நீளத்தில் 4 சதவீதம் உள்ளே போனால் துணி கனக்கும்: 177 ஜி.எஸ்.எம். சுமார் 185 ஆகும். 189-க்குள் இருப்பதால் பரவாயில்லை. கிலோவுக்கு வரும் மீட்டர் மட்டும் 4 சதவீதம் குறையும், சில டி-ஷர்ட்டுக்குத் துணி போதாது. 185 ஆர்டருக்குள் அடங்கிய எடை என்பதால் அந்தக் குறைவுக்கு சப்ளையரைப் பிடிக்க முடியாது. நாம்தான் கூடுதல் துணிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். முதலாளிக்கு இது கசக்கும், ஆனால் கடிதம் போகும் முன்பே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

சரக்கு ஜூன் 3-இல் வந்திருந்தால், ஜூன் 9-இல் போகும் கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். டி.சி. எண் 412, ஜூன் 3-இல் வந்த 48 ரோல் நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்சி தொடர்பாக எழுதுகிறோம். ஏ லாட் (30 ரோல்) ஆர்டர்படி சரியாக உள்ளது, ஏற்றுக்கொள்கிறோம். அதற்கான பணம் பேசிய தேதியில் வரும்.

பி லாட் 18 ரோலில் நீளவாக்குச் சுருக்கம் 8 முதல் 9.5 சதவீதம் உள்ளது. ஆர்டரில் ஒத்துக்கொண்டது அதிகபட்சம் 5. எல்லா ரோலிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, ஒரு இரவு விரித்துவைத்து, ஆர்டரில் உள்ளபடி 40 டிகிரியில் ஒரு முறை துவைத்து, மெஷினில் உலர்த்தி ஜூன் 7-இல் அளந்தோம். ரோல் வாரியான அளவுகளும், ரோல் டேக்கும் ஸ்கேலும் தெரியும் படங்களும் இணைப்பில் உள்ளன. துவைத்த துண்டுகளும், ஒவ்வொரு ரோலிலிருந்து துவைக்காத துண்டும் இத்துடன் வருகின்றன.

வெட்டாத 17 ரோலை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் ஸ்டோரில் தனியாக வைத்துள்ளோம். சுருக்கத்தை 5 சதவீதத்துக்குள், எடையை 189 ஜி.எஸ்.எம்.முக்குள் சரிசெய்து ஜூன் 18-க்குள் தரமுடியுமா என்று ஜூன் 12-க்குள் தெரிவிக்கவும். குறை தெரியும் முன் ஒரு ரோலை வெட்டிவிட்டோம். அதன் நஷ்டக் கணக்கைத் தனியே அனுப்புகிறோம். பி லாட்டின் பணம் இது தீரும் வரை நிறுத்திவைக்கப்படும். உங்கள் அளவு எங்கள் அளவோடு மாறுபட்டால், இரு தரப்பு ஆளும் முன்னிலையில் துண்டு எடுத்து வெளி லேபுக்கு அனுப்பலாம். முடிவு யார் பக்கம் பாதகமோ அவர் கட்டணம் ஏற்கலாம்.”

முதல் செய்தியில் இருந்த உண்மையான மனக்குறை எதுவும் இதில் விடுபடவில்லை. எப்படிச் சரிசெய்வது என்று சப்ளையருக்குப் பாடம் நடத்தவும் இல்லை. மறுபடி நனைத்து இழுவிசையின்றி உலர்த்துவாரோ, ஆவி கொடுத்து காம்பாக்டிங் மட்டும் செய்வாரோ, அது அவர் பாடு. நாம் குறித்தது முடிவு அளவை மட்டும். முறையை நாம் சொல்லி, அதுவும் பலிக்காமல் போனால் பழி நம்மிடம் திரும்பிவிடும்.

பதிலில் அவர் “எங்க லேப்ல 6 சதவீதம்தான் வருதுங்க” என்று எழுதலாம். அப்போது முதலில் அவர் எப்படிக் காயவைத்தார் என்று கேளுங்கள். படுக்கப்போட்டு உலர்த்தியிருந்தால், நாம் அனுப்பிய துவைக்காத துண்டிலேயே ஆர்டர் முறைப்படி மறுபடி பார்க்கச் சொல்லலாம். அப்படியும் ஒத்துவராவிட்டால்தான் வெளி லேப். எப்படிப் பார்த்தாலும் 6 என்பது 5-க்கு மேல். எவ்வளவு மேல் என்பதில்தான் இனி பேச்சு.