புக் செய்த சிலிண்டர் வரவில்லையா?

கேஸ் சிலிண்டர் புக் செய்ததும் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதிலுள்ள புக்கிங் எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. சிலிண்டர் தாமதமானால் ஏஜென்சிக்குப் போன் செய்து, "எப்போ வரும்?" என்று கேட்கிறோம். "வந்துடும்" என்று பதில் வருகிறது. அதற்குப் பதிலாக, புக்கிங் எண்ணைச் சொல்லி, "இதுக்கு பில் போட்டாச்சா?" என்று கேளுங்கள். தாமதம் எங்கே என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புக்கிங் பதிவானதும் ஏஜென்சி அதற்கு பில் போடும். அதன்பிறகுதான் சிலிண்டர் வண்டியில் ஏறும். உங்கள் கேஸ் நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ புக்கிங்கின் நிலையைப் பார்க்கலாம். பில் போடவில்லை என்றால், ஏஜென்சியில் சரக்கு இல்லாமல் இருக்கலாம். அல்லது உங்கள் இணைப்பில் கே.ஒய்.சி. போன்ற ஏதாவது நிலுவையில் இருக்கலாம். எது காரணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் போட்டும் வராமல் இருந்தால், சிக்கல் டெலிவரியில்தான். உதாரணமாக, திங்களன்று புக் செய்து, புதனன்று பில் போட்டு, சனி வரை சிலிண்டர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். விசாரித்தால், "வீடு பூட்டியிருந்தது, திரும்பக் கொண்டுவந்துட்டோம்" என்கிறார்கள். மறுபடி புக் செய்யத் தேவையில்லை. அதே பில்லுக்கு எந்த நாளில் அனுப்புவார்கள் என்று கேட்டு, அன்று ஆள் இருக்கும் நேரத்தையும் போன் நம்பரையும் சொன்னால் போதும்.

சிலிண்டர் வராமலேயே 'டெலிவரி ஆகிவிட்டது' என்று செய்தி வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே புகார் செய்யுங்கள். இப்படி நடக்காமல் தடுக்கத்தான் DAC என்ற ரகசிய எண்ணை உங்கள் செல்போனுக்கு அனுப்புகிறார்கள். சிலிண்டரை வாங்கி, சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைச் சொல்ல வேண்டும். "நம்பரைச் சொல்லுங்க, சாயங்காலம் கொண்டுவர்றேன்" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். செல்போன் நம்பரை மாற்றியிருந்தால் ஏஜென்சியில் புதுப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த எண் பழைய நம்பருக்கே போகும்.

ஏஜென்சியில் சரியான பதில் கிடைக்காவிட்டால் 1800-2333-555 என்ற கட்டணமில்லாத எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் எண், புக்கிங் எண், புக் செய்த தேதி, பில் போட்ட தேதி ஆகியவற்றைச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் பலனில்லை என்றால், அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு மத்திய அரசின் pgportal.gov.in தளத்தில் முறையிடலாம்.

1906 என்ற எண்ணை மட்டும் இதற்கு அழைக்க வேண்டாம். அது கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண். கசிவோடு போராடும் ஒரு குடும்பத்துக்கு அந்த லைன் உடனே கிடைக்க வேண்டும்.