குருவுக்கு ஊர் சாட்சி, ஆயருக்கு ரோமின் ஆணை

2022 மார்ச்சில் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பேராயராகப் பிரான்சிஸ் கலிஸ்ட் நியமிக்கப்பட்டபோது தலித் கிறிஸ்தவர்கள் போராட்டத்தில் இறங்கினர். தங்களில் ஒருவர் அப்பொறுப்புக்கு வர வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. அந்நாளில் கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர்: இங்குள்ள மூத்த பாதிரியார் ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டால் போதாதா?

பதவி உயர்வு என்ற சொல்லே இங்குப் பொருந்தாது. திருத்தொண்டர், குரு, ஆயர் என்பவை கத்தோலிக்கத் திருச்சபையில் அருள்பொழிவின் மூன்று நிலைகள். ஒவ்வொன்றும் ஆயர் ஒருவர் தலைமேல் கைகளை வைத்து மன்றாடுவதால் கிடைப்பது. திருத்தொண்டர் திருமுழுக்கு அளிக்கலாம், மறையுரை ஆற்றலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், இறந்தோரை அடக்கம் செய்யலாம். திருப்பலி நிறைவேற்றவோ பாவமன்னிப்பு வழங்கவோ அவரால் இயலாது. அவை குருவுக்கு உரியவை. ஆனால், குருவும் தன்விருப்பப்படி இயங்குபவர் அல்லர். எந்தப் பங்கில் பணியாற்றுவது என்பதை ஆயரே முடிவு செய்கிறார். நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெயும் வழக்கமாகப் புனித வாரத்தில் ஆயர் மந்திரித்துக் கொடுப்பதுதான். இன்னொருவரைக் குருவாக்கும் ஆற்றல் ஆயருக்கு மட்டுமே உண்டு.

பேராயர் என்பது நான்காவது நிலை அன்று. அவரும் ஓர் ஆயரே. சேலம், கும்பகோணம், தஞ்சாவூர், தருமபுரி ஆயர்கள் புதுவைப் பேராயரின் கீழ்ப் பணிபுரியும் அலுவலர்கள் அல்லர். அவரவர் மறைமாவட்டத்தில் அவரவரே தலைவர்.

குருவைத் தேர்வதில் ஊருக்குப் பங்கு உண்டு. பொதுவாகப் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞன் பங்குத்தந்தையின் பரிந்துரையோடு இளங்குருமடத்தில் சேர்கிறான். அதன்பின் சட்டம் வேண்டுவது ஆறு ஆண்டுகள்: மெய்யியலுக்கு இரண்டு, இறையியலுக்கு நான்கு. இடையில் ஒரு பங்கிலோ பள்ளியிலோ களப்பணி. எல்லாம் கூட்டினால் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள். பாதியில் விலகுவோர் உண்டு. திருச்சபை அதைக் குற்றமாகக் கருதுவதில்லை. உறவினர்தாம் அவமானமாக எடுத்துக்கொள்கின்றனர். பொருந்தாத ஒருவரைக் குருமடமே திருப்பி அனுப்புவதும் உண்டு. அழைப்பை உணர்ந்தேன் என்று சொல்வதால் மட்டும் யாருக்கும் குருவாகும் உரிமை வந்துவிடாது.

படிப்பின் இறுதியில் திருத்தொண்டர் நிலை. மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் ஏற்பது அப்போதுதான். குறைந்தது ஆறு மாதம் அந்நிலையில் இருந்து, 25 வயதும் நிறைந்த பிறகே குருத்துவம். அதற்கு முன் குருமட அதிபர் அவருடைய கல்வி, நடத்தை, உடல்நலம், மனநலம் குறித்துச் சான்றளிக்க வேண்டும். சொந்தப் பங்குக் கோயிலில் பெயரை அறிவிப்பார்கள். தடை ஏதேனும் தெரிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உண்மையான சோதனை இதுவே என்பேன். தேர்வுத்தாள் காட்டாததைத் தெருக்காரர் அறிவார்.

இவ்வாறு குருவாகிறவர் பிறந்த ஊருக்கு அன்று, எந்த மறைமாவட்டத்துக்காக அருள்பொழிவு பெற்றாரோ அதற்கே உரியவர். கலிஸ்ட் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். குருவானதோ ஆக்ரா உயர்மறைமாவட்டத்துக்கு. 2008 இல் மீரட் ஆயரானார். அங்கிருந்து புதுவை. தமிழரே ஆயினும் புதுவைக் குருக்களில் ஒருவராக இருந்தவர் அல்லர்.

ஆயரை நியமிக்கும் வழி வேறு. 35 வயதும், குருவாக ஐந்து ஆண்டுகளும், இறையியல் அல்லது திருச்சபைச் சட்டம் போன்ற ஒன்றில் ஆழ்ந்த புலமையும் வேண்டும். விண்ணப்பம் கிடையாது, தேர்தலும் கிடையாது. தில்லியில் உள்ள திருத்தந்தையின் தூதர் ஆயர்களிடமும் குருக்கள் சிலரிடமும், தேவைப்பட்டால் பொதுநிலையினரிடமும் கருத்துக் கேட்டு, மூன்று பெயர்களை ரோமுக்கு அனுப்புகிறார். இறுதி முடிவு திருத்தந்தையுடையது. கேட்கப்பட்டவர்கள் அதை வெளியே சொல்லக் கூடாது. குரு விஷயத்தில் கோயிலில் உரக்கப் படிக்கப்படும் பெயர், ஆயர் விஷயத்தில் முடிவு வெளியாகும் வரை மூடிய உறைக்குள் இருக்கிறது. 2022 இல் போராடியோரின் கையில் ஆட்சேபிக்க ஒரு பட்டியல்கூட இல்லாமற்போனது இதனால்தான். இரகசியம் பேரத்தைத் தடுக்கிறது என்பர், உண்மையே. ஆனால், சாதியின் பெயரால் ஒருவர் ஒதுக்கப்பட்டிருந்தால் அதையும் அதே இரகசியம் மறைத்துவிடும்.

இந்த இடைவெளி புதுவைக்குப் புதிதன்று. இன்று பள்ளியாக அறியப்படும் பெத்தி செமினேர் என்ற பெயருக்கே இளங்குருமடம் என்றுதான் பொருள். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதை முதன்மையாகக் கொண்ட புதுவை ஆயர் மன்றம் 1844 இல் கூடியது. பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் அக்குருமடத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உள்ளூர்க் குருக்கள் தலைமுறை தலைமுறையாக உருவாயினர். பிரெஞ்சுக்காரர் அல்லாத முதல் பேராயராக அம்புரோஸ் இராயப்பர் பொறுப்பேற்றது 1955 இல், புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த மறு ஆண்டு.